183 ரூபாய் டிக்கெட் 218 ரூபாய் 40 காசு ஆவது எப்படி?

சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸ், சனிக்கிழமை மாலைக் காட்சி, தமிழ்ப் படம், நான்கு பேர் கொண்ட குடும்பம். செயலியில் இருக்கை வரைபடத்தைத் திறந்தால் எலைட் வரிசை 183 ரூபாய் என்று காட்டுகிறது. நான்கு இருக்கைகளைத் தொட்டதும் கீழே உள்ள பொத்தானில் 732 ரூபாய் என்று வருகிறது. அதைத் தட்டினால் பாப்கார்ன் பக்கம். அதைத் தாண்டிப் போனால் கடைசிப் பக்கத்தில் 873 ரூபாய் 60 காசு. நடுவில் ஏறிய 141 ரூபாய் 60 காசுக்குப் பெயர் கன்வீனியன்ஸ் ஃபீ.

இந்த ஒரு ரசீதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. தளத்தின் பெயரும் தியேட்டரின் பெயரும் இங்கே தேவையில்லை. சென்னையில் பெரிய தியேட்டர் எதில் பதிவு செய்தாலும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

முதலில் 183

தமிழ்நாட்டில் டிக்கெட் விலையைத் தியேட்டர்காரர் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. உச்ச விலையை அரசாணை மூலம் அரசு நிர்ணயிக்கிறது. 2017 அக்டோபரில் வந்த திருத்தத்தில் மல்டிபிளெக்ஸுக்கான உச்சம், வரி நீங்கலாக, 120 ரூபாயிலிருந்து 150 ஆனது. ஐமேக்ஸ், சாய்வு இருக்கை மாதிரியான சிறப்பு வகைகளின் விலை வேறு. நம் குடும்பம் வாங்கியது சாதாரண இருக்கை.

150 ரூபாய்க்கு மேல் இரண்டு வரிகள் வருகின்றன. ஒன்று ஜிஎஸ்டி. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சினிமா டிக்கெட்டுக்கு 18%, அதாவது 27 ரூபாய். நூறு ரூபாயும் அதற்குக் குறைந்ததுமான டிக்கெட்டுக்கு 12% இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5% ஆகிவிட்டது. மற்றொன்று உள்ளாட்சி கேளிக்கை வரி. ஜிஎஸ்டி வந்த பிறகும் தமிழ்நாடு கைவிடாத வரி இது. 2017-ல் தியேட்டர்காரர்கள் போராடிய பிறகு தமிழ்ப் படங்களுக்கு 8% என்று முடிவானது; பிற்பாடு அது 4% ஆகக் குறைந்தது. 150-க்கு 4% என்றால் 6 ரூபாய். ஆக 150, 27, 6, மொத்தம் 183.

இது வரைக்கும் எல்லாமே சட்டமும் அரசாணையும் சொல்லும் எண்கள்.

அடுத்து 35 ரூபாய் 40 காசு

கடைசிப் பக்கத்தில் கன்வீனியன்ஸ் ஃபீ என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை. தொட்டால் உள்ளே இரண்டு தொகைகள் விரியும்: அடிப்படைத் தொகை 120 ரூபாய், ஜிஎஸ்டி 18% ஆக 21 ரூபாய் 60 காசு. ஜிஎஸ்டி ஒரே வரியாகவும் இருக்கலாம், மத்திய அரசுக்கு 9%, மாநில அரசுக்கு 9% என்று இரண்டாகவும் இருக்கலாம். தளம் எந்த மாநிலத்திலிருந்து பில் போடுகிறது, நீங்கள் எந்த மாநிலம் என்று கொடுத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. தொகை மாறாது.

120 என்பது நான்கு டிக்கெட்டுக்குத் தலா 30. இங்கேதான் கவனிக்க வேண்டும். பதிவு ஒன்றுதான், பணம் கட்டியது ஒரு முறைதான், வந்த கியூஆர் குறியீடும் ஒன்றுதான். ஆனால் கட்டணம் டிக்கெட்டுக்கு ஒன்று என்று போடப்பட்டிருக்கிறது. ஒருவர் போனால் 35 ரூபாய் 40 காசு. பத்துப் பேர் கொண்ட கூட்டம் போனால் 354 ரூபாய். பத்துப் பேருக்குப் பதிவு செய்ய தளத்துக்குப் பத்து மடங்கு வேலை இல்லை. சரி, அப்படியானால் ஏன் தலைக்கு இவ்வளவு என்று வைக்கிறார்கள்? இது செலவைப் பார்த்து வைத்த விலை அல்ல, விற்பனையைப் பார்த்து வைத்த விலை என்பதால்தான்.

செலவைப் பார்த்து வைத்ததா என்பதை நாமே சோதித்துப் பார்க்கலாம். பணப் பரிமாற்றச் செலவு என்றுதான் பலரும் இந்தக் கட்டணத்துக்குக் காரணம் சொல்வார்கள். யுபிஐ-யிலும் ரூபே டெபிட் கார்டிலும் வணிகரிடம் வங்கிகள் பரிமாற்றக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் விதி. மற்ற டெபிட் கார்டுகளில் பெரிய வணிகர்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்த உச்சம் 0.90%, நம் 873 ரூபாய் 60 காசுக்கு அது எட்டு ரூபாய்க்கும் குறைவு. கிரெடிட் கார்டுக்கு 2% என்று தாராளமாக வைத்துக்கொண்டால்கூட சுமார் 17 ரூபாய் 50 காசு. பணத்தை வாங்கிக் கொடுக்கும் இடைநிலை நிறுவனத்துக்குத் தனியாகக் கொஞ்சம் போகலாம். எப்படிப் பார்த்தாலும் 120 ரூபாய் வராது. எந்த வழியில் பணம் கட்டினாலும் கட்டணம் மாறாமல் அதே 120-ஆக இருப்பதே போதுமான சாட்சி.

மீதிப் பணம் எங்கே போகிறது? சர்வர், செயலி, வாடிக்கையாளர் சேவை, விளம்பரம், லாபம் எல்லாம் தளத்தின் பங்கிலிருந்து. ஆனால் முழுத் தொகையும் தளத்துக்கே போகிறது என்று நினைத்தால் அது தவறு. தியேட்டருக்கும் தளத்துக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கும். கட்டணத்தில் ஒரு பங்கு தியேட்டருக்குப் போகும். பட்டியலிடப்பட்ட பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் டிக்கெட், உணவு, விளம்பரம் ஆகியவற்றோடு கன்வீனியன்ஸ் ஃபீயும் தனி வருமானமாக நிற்பதைப் பார்க்கலாம். டிக்கெட்டில் வரும் 150-ஐ விநியோகஸ்தரோடு பங்கு போட வேண்டும். இந்தக் கட்டணத்தில் வருவதைப் படத் தயாரிப்பாளரோடோ விநியோகஸ்தரோடோ பங்கு போட வேண்டியதில்லை. தியேட்டரின் சொந்த இணையதளத்தில் பதிவு செய்தாலும் அதே கட்டணம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அரசு வைத்த உச்சம் 150. கட்டணம் 30. ஆன்லைனில் வருபவரிடமிருந்து வரி நீங்கலாக 180 ரூபாய் வசூலாகிறது; உச்ச விலையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இது டிக்கெட் விலை இல்லை என்பதால் அரசாணை இதைத் தொடுவதில்லை. விலைக்கு உச்சவரம்பு இருக்கும் மாநிலத்தில் வரம்புக்கு வெளியே நிற்கும் வருமானத்தின் மதிப்பு எவ்வளவு என்பது தியேட்டர் நடத்துபவருக்கு நன்றாகத் தெரியும்.

தனிச் சேவை என்ற ஒற்றை வாதம்

இந்தக் கட்டணத்தின் எல்லா குணங்களும் ஒரே வாதத்திலிருந்து கிளைக்கின்றன. படம் பார்ப்பதற்கான விலை வேறு, வீட்டிலிருந்தபடியே இடம் பிடித்துத் தருவதற்கான விலை வேறு. இரண்டாவது வேண்டாம் என்றால் கவுன்டருக்கு வாருங்கள் என்பதுதான் அந்த வாதம்.

வரிக் கணக்கில் இதன் விளைவு உடனே தெரியும். முன்வரிசையில் வரி நீங்கலாக 60 ரூபாய் டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5%, அதாவது 3 ரூபாய். அதே டிக்கெட்டின் முன்பதிவுக் கட்டணத்துக்கோ 18%. டிக்கெட் மலிவு என்பதற்காகக் கட்டணத்தின் வரி குறையாது, ஏனென்றால் அது சினிமா டிக்கெட்டே அல்ல. அந்த வரிசைக்கும் தலா 30 ரூபாய் வைத்தால் 5 ரூபாய் 40 காசு வரி சேர்ந்து 35 ரூபாய் 40 காசு வரும்; டிக்கெட்டில் பாதிக்கு மேல். விலை உயர உயர விகிதம் குறைந்துகொண்டே போகும் கட்டணம் இது, ஏழை வரிசைக்குத்தான் அதிக பாரம்.

கேளிக்கை வரியிலும் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. ஆன்லைன் பதிவுக் கட்டணத்துக்கும் கேளிக்கை வரி கட்டு என்று தமிழ்நாட்டு வணிக வரித் துறை கேட்டபோது, அது அரங்குக்குள் நுழைவதற்கான கட்டணம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் தியேட்டர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில் கதை வேறு. அங்கே சட்டத்திலேயே திருத்தம் செய்து, டிக்கெட்டுக்கு 10 ரூபாய்க்கு மேல் போகும் கன்வீனியன்ஸ் ஃபீயை நுழைவுக் கட்டணத்தில் சேர்த்துவிட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சட்டத்தில் எழுதியிருந்தால் வரி உண்டு, எழுதவில்லை என்றால் கிடையாது.

அந்த நீதிமன்றத்தின் மற்றொரு தீர்ப்புதான் அதிகம் பேசப்பட்டது. 2013-லும் 2014-லும் மகாராஷ்டிர அரசு வெறும் அரசாணை போட்டு, தியேட்டர்களும் தளங்களும் இந்தக் கட்டணத்தை வசூலிக்கவே கூடாது என்றது. மல்டிபிளெக்ஸ் நிறுவனங்களும் முன்பதிவுத் தளமும் வழக்குப் போட்டன. 2014 ஜூலையிலேயே இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது. இறுதித் தீர்ப்பு வந்தது 2025 ஜூலையில். அந்த ஆணைகளுக்குச் சட்ட ஆதாரம் இல்லை, தொழில் செய்யும் அடிப்படை உரிமையை, அதாவது அரசியலமைப்பின் 19(1)(g) பிரிவை, அவை மீறுகின்றன என்று சொல்லி நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. கவுன்டரில் வாங்குவதா ஆன்லைனில் வாங்குவதா என்பது வாடிக்கையாளரின் விருப்பம் என்பதும் அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தில் ஒரு தூண்.

இதிலிருந்து, கட்டணத்துக்கு வரம்பே வைக்க முடியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உரிய சட்டம் இல்லாமல், நிர்வாக ஆணையால் தடை போட முடியாது என்பதுதான் தீர்ப்பு.

கவுன்டரே இல்லாத இடத்தில்

விருப்பம் என்ற தூண் சினிமாவில் ஓரளவு நிற்கிறது. செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்குக் கவுன்டரில் போய் 183 ரூபாய்க்கு வாங்கலாம். பெரிய நடிகர் படத்தின் முதல் வார இறுதியில் கவுன்டர் திறக்கும்போது ஓரத்து இருக்கைகள்கூட மிஞ்சாது. அப்போது விருப்பம் என்பது காகிதத்தில் மட்டும்தான்.

இசை நிகழ்ச்சி, நகைச்சுவை மேடை, கிரிக்கெட் போட்டி என்று வந்தால் பல நேரங்களில் கவுன்டரே கிடையாது. ஒரே தளம், ஒரே வழி. அங்கே கட்டணம் போடும் முறையும் மாறுகிறது: தலைக்கு இத்தனை ரூபாய் என்பதற்குப் பதிலாக டிக்கெட் விலையில் இத்தனை சதவீதம் என்று வைப்பார்கள். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி விகிதம் வேறு. அமைப்பாளரும் தளமும் பேசிக்கொள்வதுதான்.

கணக்குக்காக 10% என்று வைத்துக்கொள்வோம். வரி நீங்கலாக டிக்கெட் 2,500. இசை நிகழ்ச்சி டிக்கெட் 500 ரூபாயைத் தாண்டினால் 18% ஜிஎஸ்டி, எனவே 450 சேர்ந்து 2,950. கட்டணம் 2,500-இல் 10% என்றால் 250, அதற்கு ஜிஎஸ்டி 45, மொத்தம் 295. ஆனால் வரி சேர்ந்த 2,950-இல் 10% எடுத்தால் அடிப்படைத் தொகையே 295, ஜிஎஸ்டி 53 ரூபாய் 10 காசு, மொத்தம் 348 ரூபாய் 10 காசு. விகிதம் ஒன்றுதான், ஆனால் ஒரு டிக்கெட்டுக்கு 53 ரூபாய் 10 காசு வித்தியாசம். வரிக்கு மேல் கட்டணம், கட்டணத்துக்கு மேல் மறுபடி வரி.

எது நடந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. கடைசிப் பக்கத்தில் தெரியும் மொத்தக் கட்டணத்தை 1.18-ஆல் வகுங்கள், அடிப்படைத் தொகை கிடைக்கும். அதை வரி நீங்கிய டிக்கெட் விலையாலும், வரி சேர்ந்த விலையாலும் வகுத்துப் பாருங்கள். எதில் 8, 10, 12 மாதிரி முழு சதவீதம் வருகிறதோ அதன் மேல்தான் கட்டணம் போட்டிருக்கிறார்கள். எதிலும் வராவிட்டால் தலைக்கு நிலையான தொகை, அல்லது விலை அடுக்குக்கு ஏற்ற தொகை.

500 ரூபாய் எல்லையிலும் ஒரு விசித்திரம் உண்டு. நாடகம், நாட்டியம், கச்சேரி ஆகியவற்றுக்குத் தலைக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. டிசம்பரில் சபா கச்சேரிக்கு 300 ரூபாய் டிக்கெட் எடுத்தால் டிக்கெட்டில் வரி பூஜ்யம். அதற்கு 30 ரூபாய் பதிவுக் கட்டணம் போட்டால் அதில் மட்டும் 5 ரூபாய் 40 காசு வரி நிற்கும். ரசீதைப் பார்த்து, விலக்கு இருக்கும்போது வரி எப்படி என்று சபா வாசலில் சண்டை போடுபவர்கள் உண்டு. சபாக்காரர் மேல் தப்பில்லை. எதிர்முனையில் ஐபிஎல்: 2025 செப்டம்பர் 22 முதல் டிக்கெட்டுக்கே 40% ஜிஎஸ்டி, பதிவுக் கட்டணத்துக்கு வழக்கமான 18%.

எந்தப் பக்கத்தில் காட்டுகிறார்கள்

நம் குடும்பத்தின் ரசீதுக்குத் திரும்புவோம். 141 ரூபாய் 60 காசு எந்த இடத்தில் முதல்முறையாகக் கண்ணில் பட்டது? கடைசிப் பக்கத்தில். படத்தைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைத் தேர்ந்தெடுத்து, நாலும் சேர்ந்தாற்போல் கிடைத்த இருக்கைகளைப் பிடித்து, பாப்கார்ன் பக்கத்தைக் கடந்த பிறகு. இதற்குள் இருக்கைகள் சில நிமிடங்களுக்குப் பூட்டப்பட்டு, திரையில் நேரம் குறைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாரும் அம்புக்குறியைத் தொட்டுக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். இது தளத்தை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாத விஷயமா என்ன?

தொழில்நுட்பக் காரணம் எதுவும் இதற்கு இல்லை. எந்தத் தியேட்டர், எந்த வரிசை என்பது தெரிந்த உடனேயே கட்டணம் எவ்வளவு என்பதும் தளத்துக்குத் தெரியும். முகவரி கொடுத்த பிறகே டெலிவரி செலவு தெரியும் மளிகைக் கடை மாதிரி அல்ல இது. இருக்கை வரைபடத்திலேயே 218 ரூபாய் 40 காசு என்று போட்டுவிடலாம்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. அதில் ஒன்று, விலையின் கூறுகளை ஆரம்பத்திலேயே சொல்லாமல் போகப் போகச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது. நம் ரசீதின் கடைசிப் பக்கம் இதில் வருமா? பணம் கட்டும் முன் மொத்தத் தொகையைக் காட்டிவிட்டோம் என்பது தளங்கள் தரப்பு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் மொத்த விலையை ஒரே எண்ணாகவும், கட்டாயமும் விருப்பமுமான கட்டணங்களைப் பிரித்தும் காட்டச் சொல்கின்றன. கடைசிப் பக்கம் அதைச் செய்கிறது. ஆனால் வழிகாட்டுதல் சொல்வது ‘ஆரம்பத்திலேயே’. கவுன்டர் இருக்கும் சினிமாவுக்குத் தளத்தின் வாதத்தில் கொஞ்சம் பலம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். வேறு வழியே இல்லாத நிகழ்ச்சிக்கு 2,500 என்று விளம்பரம் செய்துவிட்டுக் கடைசியில் கட்டாயக் கட்டணத்தை ஏற்றுவது அந்த வரையறைக்குள் நேராக வந்து விழுகிறது என்பது என் கருத்து.

நன்கொடை விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் தர்ம காரியத்துக்கு என்று கேட்காமலே சேர்த்துவிடும் பழக்கம் இருந்தது. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மின்வணிக விதி 4(9) நேரடியாகச் சொல்கிறது. ஆணையம் தலையிட்ட பிறகு அது, விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று மாறியது. இப்போதும் மொத்தத் தொகை கணக்கோடு ஒத்துப்போகாமல் ஒன்றிரண்டு ரூபாய் உதைத்தால் முதலில் அந்த நன்கொடையைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

சலுகையும் ரத்தும்

தனிச் சேவை என்ற வாதம் பணம் திரும்பி வரும்போதும் வேலை செய்கிறது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ சலுகையில் இலவசமாவது பெரும்பாலும் டிக்கெட் விலை மட்டும். இரண்டு டிக்கெட்டுக்கும் கட்டணம் நிற்கும்: 70 ரூபாய் 80 காசு. ஆக இலவச டிக்கெட்டின் விலை 35 ரூபாய் 40 காசு.

நாமே ரத்து செய்தால், ரத்து செய்ய அனுமதி உள்ள தியேட்டராக இருந்தாலும், டிக்கெட் தொகையில் ஒரு பங்குதான் திரும்பும். கன்வீனியன்ஸ் ஃபீ திரும்பாது என்றுதான் விதிமுறைகளில் பொதுவாக எழுதியிருக்கும். இடம் பிடித்துத் தரும் வேலை முடிந்துவிட்டது, அதனால் அதற்கான கூலியும் முடிந்தது என்பது அதன் தர்க்கம். தியேட்டரே காட்சியை ரத்து செய்தால் நிலைமை வேறு. நம் குடும்பம் அப்போது கேட்க வேண்டிய தொகை 732 அல்ல, முழு 873 ரூபாய் 60 காசு. வங்கிக் கணக்குக்கு 732 மட்டும் வந்திருந்தால், விதிமுறைகளில் காட்சி ரத்து பற்றிய பத்தியைப் படித்துவிட்டுத் தளத்திடம் எழுத்தில் கேட்கலாம். அப்புறமும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரில் இணைக்க மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகள் போதும்: விலை தெரியும் இருக்கை வரைபடம், அம்புக்குறியை விரித்த கடைசிப் பக்கம், பணம் பிடிக்கப்பட்டதற்கான ரசீது. இருக்கை வரைபடத்தின் படத்தைப் பதிவு செய்யும்போதே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். காட்சி ரத்தான பிறகு அந்தப் பக்கம் செயலியில் இருக்காது.